இரவு 8.30 மணியிலிருந்து பின்னோக்கி: பதினைந்து விருந்தினருக்கு வீட்டிலேயே பிரியாணி விருந்து

வீட்டில் நான்கு பேருக்கு நன்றாகச் சமைப்பவர்கள்கூட, பதினைந்து பேரை முதன்முறையாக இரவு உணவுக்கு அழைக்கும்போது, காலையில் எதைத் தொடங்குவது என்பதிலிருந்து திட்டமிடத் தொடங்குகிறார்கள். அப்படித் திட்டமிட்டால் காலைப்பொழுது நிதானமாகப் போகும், மாலை 7.30 மணிக்கு அழைப்பு மணி ஒலிக்கும்போது மூன்று அடுப்புகளும் எரிந்துகொண்டிருக்கும், பச்சடிக்கு வெங்காயம் நறுக்கியிருக்க மாட்டோம், பாத்திரம் துலக்கும் தொட்டி நிரம்பி வழியும். உதவிக்கு ஆள் வைக்காத வீட்டில் திட்டத்தைத் தட்டில் உணவு விழும் நேரத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் எது முடிந்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே பின்னோக்கிப் போக வேண்டும்.

இதை ஓர் எடுத்துக்காட்டின் வழியாகவே விளக்குகிறேன். சனிக்கிழமை இரவு விருந்து. விருந்தினரை 7.30 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறோம், 8.30 மணிக்குச் சாப்பாடு. விருந்தினர் பதினைந்து பேர், வீட்டில் கணவன் மனைவி இருவர், ஆக உண்பவர்கள் பதினேழு பேர். அவர்களில் மூவர் சைவம். மூன்று பர்னர் கொண்ட சாதாரணக் காஸ் அடுப்பு, ஒரு குளிர்சாதனப் பெட்டி, நான்கு கைகள். இவ்வளவுதான் நம் வசதி.

எதைச் சமைப்பது

பட்டியலில் ஓர் உணவைச் சேர்க்கும் முன், அது கடைசி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு நேரம் என்னை அடுப்பின் முன் நிறுத்தும் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். சப்பாத்தியை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு மூன்று என்றால் ஐம்பதுக்கும் மேல் சுட வேண்டும். ஒன்று வெந்து எழ ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலாகும். ஒரே கல்லில் சுட்டால் தேய்க்கும் நேரத்தைச் சேர்க்காமலே ஒரு மணி நேரம் போய்விடும். தோசைக்கும் இதே கணக்குத்தான். கோழி வறுவலில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வீட்டு வாணலியில் ஒரு முறைக்குக் கால் கிலோவுக்கு மேல் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கி, துண்டுகள் பொரியாமல் எண்ணெயைக் குடிக்கும். ஒன்றரைக் கிலோவை ஆறு ஈடாகப் பொரிக்க முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது, அதுவும் விருந்தினர் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில். ஆகவே சூடாகச் சுட்டுப் போட வேண்டியவை, பொரிக்க வேண்டியவை இரண்டையும் இந்த இரவுக்கு விலக்கிவிடுவதே நல்லது.

பிரியாணி இதற்கு நேர்மாறானது. கடைசி ஒரு மணி நேரம் அது மூடிக்குள் தானாக வேகும். திறந்து கிளறினால்தான் கெடும். ஆகவே நம் பட்டியல் இது: சீரகச் சம்பா அரிசியில் கோழிப் பிரியாணி, சைவர்களுக்குக் காய்கறிப் பிரியாணி, எள்ளும் வேர்க்கடலையும் அரைத்து ஊற்றிய கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, வெங்காயத் தயிர்ப் பச்சடி, இனிப்புக்குக் கேரட் அல்வா. வந்தவுடன் கையில் கொடுக்கக் கொண்டைக்கடலைச் சுண்டலும் எலுமிச்சை பிழிந்த நன்னாரி சர்பத்தும். கத்திரிக்காய்க் குழம்பைச் சைவர்களும் தொட்டுக்கொள்ளலாம் என்பதால் அவர்களுக்கெனத் தனிக் குழம்பு தேவைப்படாது. குழம்பில் வேர்க்கடலை இருப்பதால், அழைக்கும்போதே அது யாருக்காவது ஒவ்வாதா என்று கேட்டுவிட வேண்டும். ஒருவர் ஒவ்வாது என்று சொன்னாலும் எள்ளை மட்டும் அரைத்துச் செய்துவிடலாம்.

அளவுக்கு வருவோம். பிரியாணிக்குப் பெரியவர் ஒருவருக்கு 100 கிராம் அரிசி என்று வைத்தால் சரியாக இருக்கும். கோழி உண்பவர்கள் பதினான்கு பேர். சற்றுக் கூட்டி ஒன்றரைக் கிலோ அரிசியும், எலும்புடன் 2 கிலோ கோழியும் எடுத்துக்கொள்கிறோம். சைவர் மூவருக்கு 400 கிராம், ஏனெனில் மற்றவர்களும் ஒரு கரண்டி கேட்பார்கள். தயிர் 2 லிட்டர், கத்திரிக்காய் ஒரு கிலோ, உலர்ந்த கொண்டைக்கடலை அரைக் கிலோ, கேரட் ஒன்றரைக் கிலோ.

ஒரே பாத்திரமா, இரண்டா

இந்தக் கேள்வியில்தான் புதியவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள், நானும் தவறினேன். ஒன்றரைக் கிலோ அரிசியை ஒரே தேக்சாவில் செய்யலாம் என்று உறவினர் வீட்டிலிருந்து 15 லிட்டர் பாத்திரம் ஒன்றை வாங்கி வந்து பெரிய பர்னரில் ஏற்றினேன். வீட்டு அடுப்பின் தீ அந்த அகன்ற அடிப்பாகத்தின் நடுவில் ஒரு வளையத்தை மட்டுமே தொட்டது. நடுவில் மசாலா அடிப்பிடித்துக் கருகத் தொடங்கியபோது ஓரத்து அரிசி கடித்தால் நறுக்கென்றது. கருகல் வாசனை மேலே ஏறாமல் இருக்க அரிசியை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, வெந்நீர் தெளித்து மறுபடியும் வேகவைத்துப் பரிமாறும்போது மணி 9.40. பந்தலில் விறகடுப்பும் மேலே தணலும் வைத்துச் சமைப்பவருக்கு ஒரே பாத்திரம் சரி. அங்கே அடி முழுவதும் சூடு பரவுகிறது, மேலிருந்தும் சூடு இறங்குகிறது. நம் அடுப்பில் அது நடக்காது.

ஆகவே எட்டு லிட்டர் அளவுள்ள, அடி கனத்த இரண்டு தேக்சாக்களில் முக்கால் கிலோ அரிசியும் ஒரு கிலோ கோழியுமாகப் பிரித்துச் செய்ய வேண்டும். இதனால் இன்னொரு பயனும் உண்டு: முதல் தேக்சாவைத் திறந்து பரிமாறும்போது இரண்டாவது மூடியே இருக்கும், இரண்டாம் முறை கேட்பவர்களுக்கும் ஆவி பறக்கும் சோறு கிடைக்கும். விருந்துக்கு முந்தைய வாரம், இதில் பாதி அளவை அதே தேக்சாவில், அதே பர்னரில் ஒரு முறை செய்து பார்த்துவிடுங்கள். அரிசி கேட்கும் நீரும், உங்கள் அடுப்பின் தீயின் வேகமும் அப்போதுதான் தெரியும். எந்தச் செய்முறைக் குறிப்பும் அதைச் சொல்ல முடியாது.

8.30 மணியிலிருந்து 7.00 மணி வரை, பின்னோக்கி

8.30 மணிக்கு முதல் தட்டில் சோறு விழ வேண்டும். அதற்கு 8.15 மணிக்கு முதல் தேக்சாவைத் திறந்து, ஓரத்திலிருந்து தட்டையான கரண்டியை அடிவரை இறக்கி, அடியைப் புரட்டி மேலே கொண்டுவந்து சோற்றை உதிர்த்துவிட வேண்டும். நடுவில் கரண்டியை விட்டுச் சுழற்றினால் சீரகச் சம்பா சட்டென உடைந்து பொங்கலாகிவிடும். பச்சடிக்கு உப்புப் போட்டு வெங்காயத்தையும் தயிரையும் கலக்கும் நேரமும் இதுதான். ஒரு மணி நேரம் முன்பே கலந்துவைத்தால் உப்பு வெங்காயத்தின் நீரை இழுத்து, பச்சடி நீர்த்து மோராகிவிடும்.

8.15 மணிக்குத் திறக்க வேண்டுமானால் 7.50 மணிக்குத் தீ அணைந்திருக்க வேண்டும். இடையில் இருக்கும் 25 நிமிடங்கள் வீணான நேரமல்ல. அடியில் தேங்கிய ஈரம் ஆவியாகி மேலேறிப் பருக்கைகளில் ஊறுவது அப்போதுதான். பாத்திரம் அடி கனத்ததாக இருந்து, மூடியும் இறுக்கமாக இருந்தால், தீ அணைந்த பின்னும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நல்ல சூட்டோடு இருக்கும். ஆகவே விருந்தினர் பேச்சில் ஆழ்ந்து சாப்பாடு 8.45 மணிக்குப் போனாலும் கவலைப்பட வேண்டியதில்லை. தீ அணைந்தவுடன் விடுபடும் பர்னர்களில் 8.00 மணிக்குக் கத்திரிக்காய்க் குழம்பையும் அல்வாவையும் ஏற்ற வேண்டும். குழம்பு வெதுவெதுப்பாக ஆனால் போதாது. கொதி வந்து இரண்டு நிமிடமாவது கொதிக்க வேண்டும்.

7.50 மணிக்கு அணைக்க வேண்டுமானால் 7.25 மணிக்குத் தம் போட்டிருக்க வேண்டும். தோசைக்கல்லையும் சப்பாத்திக்கல்லையும் முன்பே சூடாக்கி பர்னர்களின் மேல் வைத்து, தேக்சாக்களை அவற்றின் மேல் ஏற்றி, தீயை மிகச் சிறிதாக்க வேண்டும். கல், தீயின் சூட்டை அடி முழுவதும் பரப்பும். மேலே புதினா, ஒரு கரண்டி நெய், அரை எலுமிச்சையின் சாறு. மூடியின் விளிம்பைச் சுற்றி மைதா மாவை உருட்டி ஒட்டலாம். அல்லது ஈரத்துணியைச் சுற்றி, துணியின் நுனிகள் தீயின் பக்கம் தொங்காதபடி மேலே மடித்துவிட்டு, வெந்நீர் நிறைந்த பாத்திரம் ஒன்றை மூடியின் மேல் பாரமாக வைக்கலாம். இதற்குப் பிறகு 25 நிமிடங்களுக்கு அடுப்புக்கு நீங்கள் தேவைப்பட மாட்டீர்கள். முகம் கழுவி, உடை மாற்றி, 7.30 மணிக்குக் கதவைத் திறக்கலாம். இந்த இரவின் அட்டவணை முழுவதும் இந்த ஐந்து நிமிட இடைவெளிக்காகவே அமைக்கப்பட்டது என்று சொல்வேன்.

7.25 மணிக்குத் தம் போட வேண்டுமானால் 7.05 மணிக்கு அரிசி கொதிநீரில் இறங்கியிருக்க வேண்டும். அரிசி போட்டபின் பெருந்தீயில் நீர் சுண்டி, சோற்றின் மட்டத்துக்கு இறங்கி, அங்கங்கே குழிகள் தெரியத் தொடங்கும் வரை பத்து, பன்னிரண்டு நிமிடங்கள் ஆகும். அந்த நிலைதான் தம் போடுவதற்கான அடையாளம். கடிகாரத்தைவிட இந்தக் குழிகளை நம்புங்கள். இரண்டு தேக்சாக்களையும் ஒரே நொடியில் நடத்த முயலக் கூடாது. முதலாவதில் அரிசி போட்டு ஐந்து நிமிடம் கழித்து இரண்டாவதில் போட்டால், கல்லை மாற்றுவதும் மூடி ஒட்டுவதும் ஒன்றன்பின் ஒன்றாக வரும், ஒருவரே இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம்.

அரிசி இறங்கும் இந்த 7.05 மணிதான் திரும்ப முடியாத இடம். அதற்கு முன்னால் எந்த நிலையிலும் வேலையைச் சற்று நிறுத்தலாம். கோழி வெந்துகொண்டிருந்தால் தீயை அணைத்து மூடி வைத்து, அரை மணி கழித்து மறுபடியும் கொதிக்கவைத்துத் தொடரலாம். அரிசி போட்ட பின் அது யாருக்காகவும் காத்திருக்காது. எனவே 6.45 மணிக்கு, தொலைவிலிருந்து வரும் விருந்தினரை ஒரு முறை தொலைபேசியில் அழைத்து எங்கே வந்துகொண்டிருக்கிறார்கள் என்று கேட்டுவிட வேண்டும். பாதிப் பேர் நெரிசலில் சிக்கியிருந்தால் அரிசியை அரை மணி தள்ளிப் போடுவது, ஆறிய பிரியாணியை மறுபடியும் சூடாக்குவதைவிட எவ்வளவோ மேல்.

7.00 மணிக்கு முந்தைய ஒரு மணி நேரம்

7.00 மணிக்கு அரிசி ஊறி வடிந்திருக்க வேண்டும், ஆகவே 6.35 மணிக்கு ஊற வைக்க வேண்டும். அதற்கு மேல் ஊறினால் பருக்கை வேகும்போது உடையும். 6.50 மணிக்குக் கோழியின் மேல் வெந்நீரை ஊற்ற வேண்டும். இந்த நீர் முன்பே மூன்றாவது பர்னரில் கொதித்திருக்க வேண்டும், ஏனெனில் குளிர்ந்த நீரை ஊற்றினால் இரண்டு தேக்சாக்களும் கொதிநிலைக்குத் திரும்பக் கூடுதலாகப் பத்து நிமிடமாவது ஆகும். அட்டவணை அங்கேயே சரிந்துவிடும்.

நீரின் அளவில் ஒரு நுணுக்கம் உண்டு. நாலு பேருக்குச் செய்யும்போது ஒரு டம்ளர் சீரகச் சம்பாவுக்கு இரண்டு டம்ளர் நீர் விட்டுப் பழகியிருப்போம். அளவு கூடும்போது அதே விகிதத்தில் நீரைக் கூட்டக் கூடாது. ஆழமான பாத்திரத்தில் அரிசியின் அளவோடு ஒப்பிட்டால் ஆவியாகும் நீர் குறைவு. கோழியும் தக்காளியும் தயிரும் தாமாகவே நிறைய நீர் விட்டிருக்கும். ஊறி வடிந்த அரிசி ஒரு டம்ளருக்கு, மசாலாவில் நிற்கும் நீரையும் சேர்த்து, ஒன்றரை டம்ளர் என்பது நல்ல தொடக்கம். தேக்சாவில் ஏற்கெனவே எவ்வளவு நீர் இருக்கிறது என்று கரண்டியால் ஒரு மட்டம் பார்த்து, மீதியை மட்டும் ஊற்றுங்கள். அரிசி போடும் முன் அந்த நீரைச் சுவைத்துப் பார்க்கும்போது உப்புச் சற்றுக் கரிக்க வேண்டும். அளவாக இருப்பதாகத் தோன்றினால், வெந்தபின் சோறு சப்பென்று இருக்கும்.

6.25 மணிக்கு, காலையில் வதக்கிவைத்த வெங்காயத் தக்காளி மசாலாவை இரண்டு தேக்சாக்களிலும் பிரித்துச் சூடாக்கி, 6.30 மணிக்கு ஊறிய கோழியைச் சேர்க்க வேண்டும். இருபது நிமிடத்தில் பிராய்லர் கோழி முக்கால் பதம் வெந்துவிடும். மீதி அரிசியுடனும் தம்மிலும் வேகும். 6.50 மணிக்கு வெந்நீர்ப் பாத்திரம் இறங்கியவுடன் மூன்றாவது பர்னர் சைவப் பிரியாணிக்கு உரியது. அதற்கான காய்கறிகளும் மசாலாவும் தனியே தயாராக இருக்க, ஐந்து லிட்டர் குக்கரில் வதக்கி, ஊறிய அரிசியும் நீரும் சேர்த்து மூடினால் 7.15 மணிக்குள் வேலை முடியும். ஆவி அடங்கிய பின்னும் குக்கரைத் திறக்காமல் 8.15 மணி வரை அப்படியே விட்டுவிடலாம். இதற்குக் கரண்டியும் தனியாக இருக்க வேண்டும். கோழிக் குழம்பு பட்ட கரண்டி ஒருமுறை உள்ளே போனாலும் அந்த மூவருக்கும் உணவு இல்லாமல் போய்விடும். குக்கர் இறங்கியதும் அதே பர்னரில் இரண்டு கற்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சூடாக்கிக்கொள்ளலாம்.

சனிக்கிழமை பகல்

மாலை 6.00 மணிக்கு நாம் அடுப்பருகே வரும்போது கத்தியை எடுக்க வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது. 5.30 மணிக்குச் சுண்டலைத் தாளித்து மூடிவிட வேண்டும். சர்பத்துக்கு எலுமிச்சை பிழிந்து வைக்க வேண்டும். பச்சடிக்கான வெங்காயமும் பச்சை மிளகாயும் உப்பின்றி நறுக்கி, மூடிய டப்பாவில் குளிர்சாதனப் பெட்டிக்குள் போய்விட வேண்டும். 5.00 மணிக்குத் தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கிறதா என்று பார்த்து மோட்டாரைப் போட்டுவிடுங்கள். குடிநீருக்கு 20 லிட்டர் கேன் ஒன்று போதும். இந்த நேரத்தில் மின்சாரம் போனால்கூட அதன் பிறகு மிக்சி தேவைப்படாதபடி எல்லா அரைப்பும் முடிந்திருக்க வேண்டும்.

பிற்பகல் 2.00 மணியிலிருந்து 4.00 மணி வரை இருவரும் ஓய்வெடுக்க வேண்டும். இது பெயருக்கான ஓய்வல்ல. மாலை ஆறிலிருந்து இரவு பத்தரை வரை நின்றுகொண்டே இருக்கப் போகிறோம். பகலுணவுக்குத் தயிர்சாதமும் ஊறுகாயும் போதும், வேறு எதையும் சமைத்துப் பாத்திரத்தைப் பெருக்க வேண்டாம்.

11.00 மணிக்கு வெங்காயத் தக்காளி மசாலா. இரண்டு தேக்சாக்களுக்குமாக 700 கிராம் வெங்காயமும் அரைக் கிலோ தக்காளியும் வேண்டும். அவ்வளவு வெங்காயம் எண்ணெயில் பொன்னிறமாக 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஆகும். அதை அவசரப்படுத்தினால் ஓரம் கருகி உள்ளே பச்சை வாடை நிற்கும். மாலையில் இந்த வேலையை வைத்துக்கொண்டு அவசரப்படுவதால்தான் வீட்டுப் பிரியாணியின் நிறமும் மணமும் குறைகின்றன என்பது என் எண்ணம். பகலில் அமைதியாக வதக்கி, இஞ்சி பூண்டு விழுதின் பச்சை வாசனை போய், தக்காளி கரைந்து எண்ணெய் பிரியும் வரை கொண்டுவந்து, ஆறியபின் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். இதிலிருந்து சைவப் பிரியாணிக்கு இரண்டு கரண்டி எடுத்து முதலிலேயே தனியாக வைத்துவிடலாம்.

காலை 8.30 மணிக்குக் கோழி வாங்கி, 10.00 மணிக்குள் கழுவாத கையோ கத்தியோ வேறெதையும் தொடாதபடி தயிர், மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்புப் பிசறி, மூடிய பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் வைக்க வேண்டும். மேல்தட்டில் வைத்தால் கோழியின் நீர் கசிந்து கீழே இருக்கும் நறுக்கிய வெங்காயத்திலோ தயிரிலோ சொட்டக்கூடும், அவற்றை நாம் பச்சையாகவே உண்ணப் போகிறோம்.

வெள்ளி இரவும் அதற்கு முன்பும்

ஒரு நாள் பழையதானால் சுவை கூடுகிறவை, அல்லது குறையாதவை, எல்லாம் வெள்ளி மாலைக்குரியவை. கத்திரிக்காய்க் குழம்பில் புளி இருப்பதால் அது நன்றாகத் தாங்கும். மறுநாள் காயின் உள்ளே புளிப்பும் காரமும் ஏறியிருக்கும். அல்வாவுக்குக் கேரட்டைத் துருவி ஒன்றரை லிட்டர் பாலில் வேகவிட்டு, பால் வற்றியபின் 400 கிராம் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துச் சுருள வதக்க ஒன்றரை மணி நேரமாவது ஆகும். துருவும் நேரம் தனி. அது வற்றிக்கொண்டிருக்கும்போதே கால் கிலோ இஞ்சி பூண்டு விழுதை அரைத்து, குழம்புக்கான சின்ன வெங்காயத்தை உரித்துவிடலாம். படுக்கும் முன் தயிர் உறை ஊற்றி, கொண்டைக்கடலையை ஊறப் போட வேண்டும். தயிர் காலையில் உறைந்தவுடன் உள்ளே வைத்துவிடுங்கள். இரவு வரை வெளியில் நின்றால் பச்சடி புளித்துப் போகும்.

அதே மாலையில் காஸ் உருளையையும் பார்த்துவிட வேண்டும். ஈரத்துணியால் உருளையை மேலிருந்து கீழாகத் துடைத்தால், திரவம் இருக்கும் பகுதியில் ஈரம் சற்று நேரம் நிற்கும், காலியான மேல்பகுதி சீக்கிரம் உலரும். உலர்ந்த பகுதி அடிக்கு அருகில் வந்திருந்தால், பாதித் தம்மில் உருளை மாற்றும் அபாயத்தைவிட வெள்ளிக்கிழமையே மாற்றிவிடுவது நல்லது. மளிகையும் காய்கறியும் வியாழனுக்குள் வந்துவிட வேண்டும். பாக்கு மட்டைத் தட்டுகள் இருபத்தைந்து வாங்கிக்கொண்டால் தட்டு துலக்கும் வேலையே இராது.

பரிமாறுதல்

இலை போட்டு உட்கார வைத்துப் பரிமாற ஆசையாகத்தான் இருக்கும். பதினைந்து இலைகளுக்கு நான்கு வகை பரிமாற இருவர் போதாது. கடைசி இலைக்குப் பச்சடி வரும்போது முதல் இலைக்காரர் இரண்டாம் முறைக்குக் காத்திருப்பார். எனவே சாப்பாட்டு மேசையைச் சுவரிலிருந்து இழுத்து நடுவில் போட்டு, அவரவர் எடுத்துக்கொள்ளும்படி வைக்கிறோம். தட்டுகள் மேசையின் ஒரு முனையில், பிறகு பிரியாணி, குழம்பு, பச்சடி. பிரியாணிக்கும் குழம்புக்கும் இரண்டிரண்டு கரண்டிகள் வைத்தால் மேசையின் இருபுறமும் வரிசை நகரும், நிற்கும் நேரம் பாதியாகும். தண்ணீரையும் அல்வாவையும் இந்த மேசையில் வைக்காமல் கூடத்தின் மறு மூலைக்குக் கொண்டுபோய்விட்டால் தட்டோடு நிற்பவர்கள் ஒருவரை ஒருவர் இடிக்க மாட்டார்கள். தாத்தா, பாட்டி, கைக்குழந்தையோடு வந்த தாய் ஆகியோருக்கு வரிசை தொடங்கும் முன்பே தட்டில் வைத்துக் கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும்.

திறக்கும்போது ஏதேனும் தவறியிருந்தால் பதறாமல் பார்க்க வேண்டியவை சில. கரண்டிக் காம்பை அடிவரை இறக்கி எடுத்தால் நீர் ஒட்டி வருகிறதா? மூடியைப் போட்டு, கல்லின் மேல் இன்னும் பத்து நிமிடம் சிறுதீ. பருக்கையை விரலால் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்து, அடியும் உலர்ந்திருக்கிறதா? அரை டம்ளர் வெந்நீரைப் பரவலாகத் தெளித்து, அதே பத்து நிமிடம். கருகல் வாசனை வருகிறதா? அடியைத் தொடாமல் மேல்சோற்றை மட்டும் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். இந்தப் பத்து நிமிடங்களில் இரண்டாவது தேக்சாவிலிருந்து பரிமாறத் தொடங்கிவிடலாம். இரண்டாகப் பிரித்ததன் மூன்றாவது பயன் இது.

அடுப்பருகே ஒட்டிவைக்கும் தாள்

பின்னோக்கிப் போட்ட திட்டத்தை, அன்று மாலை வாசிப்பதற்காக முன்னோக்கி ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். எனது தாள் இப்படி இருக்கும்:

6.00 – கோழியும் மசாலாவும் வெளியே, பாத்திரம் துலக்கும் தொட்டி காலி
6.20 – மூன்றாவது பர்னரில் வெந்நீர்
6.25 – இரு தேக்சாவிலும் மசாலா, 6.30 கோழி
6.35 – அரிசி ஊற
6.45 – தொலைபேசி
6.50 – வெந்நீர் ஊற்ற; குக்கர் ஏற்ற
7.00 – அரிசி வடிக்க, உப்புப் பார்க்க
7.05 – முதல் தேக்சாவில் அரிசி, 7.10 இரண்டாவது
7.15 – குக்கர் இறக்க, கற்கள் சூடாக்க
7.20 – முதல் தம், 7.25 இரண்டாவது
7.30 – கதவு, சர்பத், சுண்டல்
7.45 – முதல் தீ அணைக்க, 7.50 இரண்டாவது
8.00 – குழம்பு, அல்வா சூடாக்க
8.15 – திறக்க, பச்சடி கலக்க
8.30 – சாப்பாடு

தாளில் 7.30 மணிக்குப் பிறகு வரும் வேலைகள் எல்லாம் ஒருவரால் முடிபவை. மற்றவர் கூடத்தில் விருந்தினருடன் இருக்க வேண்டும். இருவரும் சமையலறைக்குள் போய்விட்டால் விருந்தினரும் உதவிக்கென்று பின்னாலேயே வந்து நின்று, அடுப்பருகே நடக்க இடமிருக்காது.

மீந்த பிரியாணியைத் தேக்சாவிலேயே இரவு முழுவதும் விட்டுவைக்கக் கூடாது. சோறு வெதுவெதுப்பில் நெடுநேரம் நின்றால் அதில் பெருகும் கிருமிகள் உண்டாக்கும் நஞ்சு மறுநாள் சூடாக்கினாலும் போகாது, கனத்த பாத்திரமோ மெதுவாகவே ஆறும். எல்லோரும் அல்வா சாப்பிடும்போது ஒருவர் போய் மீதியை அகன்ற தாம்பாளங்களில் பரப்பி ஆறவிட்டு, 10.30 மணிக்குள் சிறு டப்பாக்களில் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றிவிட வேண்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதானாலும் ஆறியபின் கட்டிக் கொடுத்து, போனவுடன் உள்ளே வைக்கச் சொல்லுங்கள். தேக்சாக்களில் வெந்நீர் ஊற்றி ஊறவிட்டால், அடியில் ஒட்டிய மசாலா காலையில் தேய்க்காமலே கழன்று வரும்.